44 பிள்ளைகள், 40 நிமிடம்: சோடி உரையாடல் எப்படிச் செய்கிறீர்கள்?

கேள்வி (களுவாஞ்சிக்குடி, தரம் 8): ஆங்கிலப் புத்தக உரையாடலைச் சோடியாகப் பேசச் சொன்னால் எல்லாரும் குனிந்து வாசிக்கிறார்கள். முன்னுக்கு அழைத்தால் நாலு சோடியோடு மணி அடித்துவிடுகிறது.

கல்முனை ஆசிரியர்: பாடமாக்கிவரச் சொல்லுங்க சேர். பிழை விட்ட இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்க, அப்பதான் மனசில நிற்கும்.

அக்கரைப்பற்று ஆசிரியை: பாடமாக்குவது உச்சரிப்புக்கு உதவும்தான். ஆனால் அடுத்த வரி இருவருக்கும் தெரிந்திருந்தால் கேட்க என்ன தேவை? ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இருக்கக் கூடாது.

கடை உரையாடலை எடுங்க. கடைக்காரரின் காகிதத் துண்டில் விலை மட்டும்: அரிசி 1 கிலோ 240, சீனி 1 கிலோ 260, சவர்க்காரம் 160. வாங்குபவரின் துண்டில் இந்த மூன்று பொருளும், கையில் 600 ரூபாய் என்பதும். விலை கேட்டுக் கூட்டினால் 660 வரும். அப்போது ஏதாவது ஒன்றை விட வேண்டும், இல்லாவிட்டால் 'ஹாஃப் எ கிலோ, ப்ளீஸ்' என்று கேட்க வேண்டும். அந்த வசனம் தேவையோடு வாயில் வரும்.

முதல் 12 நிமிடம் கரும்பலகையில் ஆறு வரி. சேர்ந்து சொல்லச் சொல்லி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சொல்லை அழியுங்க. கடைசியில் முதற்சொற்கள் மட்டும் மிஞ்சட்டும். பிறகு முன்வாங்குப் பிள்ளைகள் பின்னால் திரும்ப, 6 நிமிடம் பேச்சு. அடுத்த 6 நிமிடம் பாத்திரம் மாறி, வேறு விலைத்துண்டோடு. பழைய துண்டையே கொடுத்தால் விடை தெரிந்துவிடும், பேச்சு நின்றுவிடும்.

இரண்டு தலையும் ஒரே துண்டின் மேல் குனிந்திருந்தால் பேச்சு நடக்கவில்லை. துண்டை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லுங்க.

நடுவில் திருத்த வேண்டாம். ஒருவரைத் திருத்தும்போது பக்கத்துச் சோடிகளும் வாயை மூடிவிடும். சுற்றிவந்து குறித்துக்கொண்டு, கடைசி 5 நிமிடத்தில் பெயர் சொல்லாமல் மூன்று வசனம் பலகையில் எழுதுங்க. 'ஹவ் மச் இஸ் த பனானாஸ்' மாதிரிப் பிழையை வகுப்பே திருத்தும். மிஞ்சும் நேரத்தில் இரண்டு சோடி நடித்துக் காட்டினால் போதும்.

வாழைச்சேனை: எங்கட வாங்கில மூன்று பேர். என்ட வகுப்பு தரம் 4, வாசிக்கவே தெரியாத பிள்ளைகளும் இருக்கு.

அக்கரைப்பற்று ஆசிரியை: மூன்றாமவரிடம் காசைக் கொடுங்க மிஸ். வாங்குபவர் ஒவ்வொரு பொருளுக்கும் அவரிடம் காசு கேட்க வேண்டும். சின்ன வகுப்பென்றால் துண்டில் படமும் விலையும் போதும்.

களுவாஞ்சிக்குடி: கெட்டிக்காரப் பிள்ளையோடு பின்தங்கிய பிள்ளையை விடலாமா?

கல்முனை ஆசிரியர்: விடத்தான் வேணும், பார்த்துப் படிக்கும்.

அக்கரைப்பற்று ஆசிரியை: கெட்டிக்காரரே வாங்குபவராக இருந்தால் மற்றவர் 'யெஸ்', 'நோ'வோடு முடித்துவிடுவார். கேள்வி கேட்கிற பாத்திரத்தைப் பின்தங்கியவருக்கு முதலில் கொடுத்தால் கொஞ்சம் சரிவரும். அதற்குப் பிறகும் பேசாத பிள்ளைகள் உண்டு. அவர்களைச் சமமான சோடியில் விடுவதா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

வாழைச்சேனை: சத்தம்? பக்கத்து வகுப்புக்கு இடையில தட்டி மட்டும்தான்.