அஷ்டமியில் நிலா வகுப்பு

கவிதா: தோழி கல்லூரியில் நடத்திய நிலாப் பிறை பிபிடியைக் கொடுத்திருக்கிறாள், 26 ஸ்லைடு. நம் தெருப் பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை அரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். விஜயா அத்தை, எதை வைத்துக்கொள்ள, எதை எடுக்க?

சுமதி சித்தி: ஃபைல் பெரிதாக இருந்தால் பிடிஎஃப் ஆக மாற்றிவிடு. எங்கள் ஆபீசில் அப்படித்தான் செய்வோம்.

கவிதா: சைஸ் பிரச்சினை இல்லை சித்தி 😄 பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

விஜயா அத்தை: பார்த்தேன். முதலில் அந்த ஏழாவது ஸ்லைடை எடு. நடுவில் பூமி, சுற்றி எட்டு நிலா, அதற்கு வெளியே மறுபடி எட்டு. விண்வெளியில் மேலே நின்று பார்க்கிற படம் அது. ஒன்பது வயதுப் பிள்ளை மொட்டை மாடியிலிருந்துதான் நிலாவைப் பார்த்திருக்கும். சுற்றுப்பாதைச் சாய்வு, வேகம் எல்லாம் இப்போது வேண்டாம். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, அதில் பாதி மேல் வெயில் படுகிறது, அந்தப் பாதியில் நம் கண்ணுக்குத் தெரிகிற பங்குதான் பிறை. இவ்வளவு போதும்.

சுந்தர் மாமா: பூமியோட நிழல் விழுவதையும் சொல்லணும் இல்லையா அத்தை? நிழல் மறைத்தது போக மீதிதானே பிறை?

விஜயா அத்தை: நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம், சுந்தர். பௌர்ணமியில் மட்டும்தான் நடக்கும். மூன்றாம் பிறையை எங்கே பார்ப்பாய்? சூரியன் மறைந்த மேற்கிலேயே, கொஞ்சம் மேலே. பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். அது எப்படிப் பிறை மேல் படும்?

சுந்தர் மாமா: அட, ஆமாம். இத்தனை வருஷமாக நிழல் என்றுதான் நினைத்திருந்தேன்.

விஜயா அத்தை: வகுப்பிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் கவிதா, விளக்கத்தில் ஆரம்பிக்காதே. "பிறையன்று மீதி நிலா எங்கே போனது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. நிழல், மேகம், தேய்ந்துபோச்சு, எது வந்தாலும் போர்டில் எழுது. சரி, தப்பு என்று சொல்லாதே.

கார்த்திக்: என் பையன் போன வாரம் பள்ளிக்குப் போகும்போது நிலாவைப் பார்த்துவிட்டு, "பகலில் ஏன் வந்தது, வழி தப்பிவிட்டதா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

விஜயா அத்தை: அதையே பிடித்துக்கொள்ளலாம்! பேச்சு என்றைக்கு?

கவிதா: வியாழன் காலை 9 மணி.

பாட்டி: அன்றைக்கு தேய்பிறை அஷ்டமி. நல்ல காரியத்தை அஷ்டமியிலா ஆரம்பிப்பாய்?

விஜயா அத்தை: அம்மா, இதற்கு அஷ்டமிதான் நல்ல நாள் 😄 காலை 9 மணிக்குச் சூரியன் கிழக்கே, அரைநிலா மேற்கு வானில் நன்றாக மேலே இருக்கும். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போ கவிதா. குச்சியில் குத்திய வெள்ளைப் பந்தை நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொல். வெயில் பந்தில் படும். நிலா எந்தப் பக்கம், எவ்வளவு ஒளிர்கிறதோ பந்தும் அப்படியே தெரியும். எல்லோருக்கும் முதுகுப்பக்கம் சூரியன் இருக்கட்டும், யாரும் திரும்பி அதைப் பார்க்கக் கூடாது.

கவிதா: அருமை அத்தை! ஸ்லைடில் தேய்பிறை அரைநிலா இடது பக்கம் ஒளிர்கிறது. அங்கேயும் அப்படித்தான் தெரியுமா?

விஜயா அத்தை: தெரியாது. அது வடக்கே தூர நாடுகளில் பார்க்கிற படம். நம் ஊரில் அந்நேரம் மேல்பக்கம் ஒளிரும். பிறையும் நமக்குப் படகு மாதிரி படுத்துத்தான் தெரியும். ஸ்லைடைக் காட்டிவிட்டு வெளியே போனால் பிள்ளைகள் வானத்தைத்தான் தப்பு என்பார்கள்.

கவிதா: கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது டீச்சர்" என்று கோரஸாக வரும்.

விஜயா அத்தை: அதைக் கேட்காதே. போர்டில் ஒரு பிறையை வரைந்து, "சூரியன் எந்தப் பக்கம்? நோட்டில் வரையுங்கள்" என்று சொல். ஒளிர்கிற பக்கமாக வரைந்தவனுக்குப் புரிந்திருக்கிறது. அப்புறம் காலையில் எழுதிய பதில்களுக்கு வா, எதை அழிக்கலாம் என்று அவர்களே சொல்லட்டும்.

கார்த்திக்: மேகமாக இருந்தால்?

விஜயா அத்தை: இருட்டு அறை, ஒரு குண்டு பல்ப். பந்தைக் கையை நீட்டித் தலைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு மெல்ல இடப்பக்கம் சுற்றணும். தாழ்த்திப் பிடித்தால் பல்புக்கு முதுகு காட்டும்போது தலை நிழல் பந்தில் விழும். சுந்தர் சொன்ன நிழல் அதுதான்!

கவிதா: அந்த வகுப்பு ஜன்னலுக்குக் கதவே இல்லை அத்தை, இருட்டாக்க முடியாது. 38 பிள்ளைகள் வேறு. ஹெச்எம் மைதானத்துக்கு விடுவார்களா என்றும் கேட்கணும்.

சுந்தர் மாமா: பந்து என் பொறுப்பு. கடையில் பிளாஸ்டிக் பந்து பளபளவென்று இருக்கு, பத்து வாங்கவா?

விஜயா அத்தை: பளபளப்பு வேண்டாம். வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னும், பாதி தெரியாது. தெர்மாகோல் பந்து வாங்கு.

சுமதி சித்தி: அப்போ புரொஜெக்டர் வேண்டாமா? நான் ஆபீசில் கேட்டுவிட்டேனே!