[கலைச்சொல்] புல் ரிக்வெஸ்ட்டில் "கவரேஜ்" குறைந்தது: தமிழில் எப்படி?

மலர்: அனைவருக்கும் வணக்கம். நிரலில் எத்தனை வரிகள் சோதனையில் ஓடின என்று காட்டும் கவரேஜ் அறிக்கையின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். `Coverage decreased by 1.11%` என்ற வரியை "சோதனைத் தரம் 1.11% குறைந்தது" என்று எழுதியிருந்தேன். நேற்று குழுவில் ஒரு தம்பி பயன்படாத 100 வரிகளை நீக்கினார். முன்பு 1,000 வரிகளில் 900 சோதனையில் ஓடின. நீக்கியவை எல்லாம் ஓடிய வரிகள். இப்போது 900-இல் 800, அதாவது 90 போய் 88.89. சிவப்புக் குறி விழுந்துவிட்டது. சோதனை தொடாத வரிகள் அன்றும் 100, இன்றும் 100. "தரம்" என்றால் அவர்மேல் வீண்பழிதானே?

குமரன்: "சோதனைப் பரப்பு" போதும். எண் இறங்கினால் சோதனை போதவில்லை என்றுதான் பொருள், அந்தத் தம்பியை இன்னும் சில சோதனைகள் எழுதச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள், 90-இல் 1.11 விழுக்காடு குறைந்தால் 89 வரும். இது விழுக்காட்டுப் புள்ளி.

புலவர் ஐயா: "பரப்பு" நிலத்துக்கு உரியது. "அளாவல்" என்பேன். வானளாவிய என்பதில் எட்டுதல் இருக்கிறது. "சிறுகை அளாவிய கூழ்" என்னும் குறளிலோ கை துழாவியதே உண்டு, உண்டதாகச் சொல்லவில்லை. சோதனையும் வரியைத் தொட்டிருக்கும், விடை சரியா என்று பார்த்திருக்காது.

பாத்திமா: நான் ஆவணத்தில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன், எனக்கும் குறைந்ததாகவே காட்டியது! அதற்கும் சொல் வேண்டும்.

செல்வம்: பாத்திமா, உங்களுடையது வேறு. சோதனை பல வேலைகளாகப் பிரிந்து ஓடும்போது ஒன்றின் அறிக்கை வந்து சேராவிட்டால் அப்படி ஆகும். இரு கமிட்டுகளிலும் எத்தனை அறிக்கைகள் ஏறியுள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

குமரன், அதே 1,000 வரித் திட்டத்தில் ஒருவர் சோதனையே இல்லாமல் 12 வரி சேர்த்தால் 1,012-இல் 900, அதாவது 88.93. மலர் சொன்ன தம்பியைவிடக் குறைவான இறக்கம்! பெரிய திட்டமானால் அது கண்ணிலேயே படாது. வகுக்கும் எண்ணும் மாறுவதால் வரும் கோளாறு இது. கவரேஜ் அறிக்கை தரும் கோட்கவ் சேவை `codecov/project`, `codecov/patch` என்று இரண்டாகக் காட்டுவது இதனால்தான். இரண்டாவது, மாற்றிய வரிகளை மட்டும் பார்க்கும். வெறும் நீக்கத்தில் அதற்கு அளக்க ஒன்றும் இருக்காது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

குமரன்: நீக்கம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, "அளாவல்" கல்லூரி மாணவருக்குப் புரியாது.

புலவர் ஐயா: "கணினி"யும் ஒருநாள் புரியாமல்தான் இருந்தது, தம்பி.

மலர்: நேரமில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். "சோதனை எட்டிய வரிகள்" என்பதற்கு மூவர் ஆதரவு. மொத்தத்துக்கு "திட்ட எட்டல்", மாற்றிய வரிகளுக்கு "மாற்ற எட்டல்". "குறைந்தது" என்ற வினையை விட்டுவிட்டு, "திட்ட எட்டல்: 900/1000 → 800/900" என்று எண்ணிக்கையையே காட்டப் பரிந்துரைக்கிறேன்.

புலவர் ஐயா: "எட்டல்" எண் எட்டோடு மயங்கும். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.