கம்ப்ரசரின் இரும்பு முனையில் செப்புக் குழாய்: பிரேசிங்கா, வெல்டிங்கா?

பனிப்பெட்டி:
ஒரு கடையின் குளிர்பானப் பெட்டிக்குக் கம்ப்ரசர் மாற்றிக் கொடுத்தேன். அதன் சக்ஷன் முனை இரும்பு, அதில் செருகிய குழாய் செம்பு. நானே பிரேசிங் செய்த அந்த இணைப்பு, சில மாதங்களுக்குள் இரண்டு முறை கசிந்துவிட்டது. டிக் வெல்டிங் செய்தால் தீர்ந்துவிடும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். செய்யலாமா?

தீப்பொறி:
தாராளமாகச் செய்யுங்கள். பிரேசிங் என்பது இரண்டு உலோகங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை உருக்கி ஊற்றி ஒட்டவைப்பதுதான். வெல்டிங்கிலோ இரண்டும் உருகிக் கலந்து ஒரே உடலாகிவிடுகின்றன. ஒட்டியது ஒருநாள் பிரியும், ஒன்றானது பிரியாது. இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

மெல்லியசுடர்:
செம்பு 1,083 டிகிரி செல்சியஸில் உருகும், இரும்போ ஏறக்குறைய 1,500 டிகிரி வரை கேட்கும். இரும்பு முனை உருகும் நேரத்துக்குள் முக்கால் மில்லிமீட்டர் சுவருள்ள செப்புக் குழாய் ஒழுகிப் போயிருக்கும். ஒழுகாமல் பார்த்துக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. உருகிய செம்பு, இழுவிசையில் இருக்கும் சூடான இரும்பின் மணி எல்லைகளுக்குள் ஊடுருவி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். ஒரே உலோகத்தின் இரண்டு துண்டுகளுக்கு நண்பர் சொன்னது பொருந்தும், இந்த இணைப்புக்குப் பொருந்தாது.

பனிப்பெட்டி அவர்களே, எந்த ராடு பயன்படுத்தினீர்கள், ஃப்ளக்ஸ் போட்டீர்களா, கசிவு எந்தப் பக்கத்தில் வந்தது என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

பித்தளைக்குடம்:
எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஈயம் வைத்து அடைத்துத் தந்தார்கள், இப்போது மீண்டும் ஒழுகுகிறது. இதற்கும் பிரேசிங் செய்யலாமா?

மெல்லியசுடர்:
இது வேறு கேள்வி என்றாலும், குடிநீர் வைக்கும் பாத்திரம் என்றால் ஈயம் கலந்த சால்டர் வேண்டாம், ஈயமில்லாத வெள்ளீய சால்டர் கேளுங்கள். அழுத்தமோ பெருஞ்சூடோ இல்லாத குடத்துக்கு அதுவே போதும். பிரேசிங் சூட்டில் பித்தளையிலிருந்து துத்தநாகம் புகையாகப் போகும், மெல்லிய தகடு வளைந்தும் விடும்.

பனிப்பெட்டி:
ஏசி வேலைக்கு எல்லோரும் வாங்கும் அதே செப்பு நிற ராடுதான், வெள்ளி கலக்காதது. செம்புக்கு ஃப்ளக்ஸ் தேவையில்லை என்று கற்றுக்கொண்டதால் போடவில்லை. ராடு நன்றாக ஓடியது, வளையமும் அழகாக நின்றது. இரண்டு முறையும் இரும்புப் பக்கத்தில்தான் கசிவு. இரண்டாம் முறை குழாயை லேசாக ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. இரும்பில் எதுவுமே ஒட்டாததுபோல் சுத்தமாக இருந்தது.

மெல்லியசுடர்:
காரணம் அந்த ராடுதான். அதில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு பாஸ்பரஸ் இருக்கும். செம்போடு செம்பை இணைக்கும்போது அந்தப் பாஸ்பரஸே ஆக்சைடைத் தின்றுவிடுவதால் ஃப்ளக்ஸ் இல்லாமல் ஓடுகிறது. இரும்பைத் தொட்டாலோ அதே பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து, எல்லையில் கண்ணாடிபோல் நொறுங்கும் மெல்லிய படலமாகிவிடும். அன்றைக்குச் சோதித்தால் அழுத்தத்தைத் தாங்கும். கம்ப்ரசரின் அதிர்வு மாதக்கணக்கில் தட்டத் தட்ட, முட்டை ஓடு உரிவதுபோல் ஒரு பக்கமாகப் பிரியும். இரும்பு சுத்தமாக இருந்தது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். வெள்ளி கலந்த ராடு என்று கடையில் பதினைந்து விழுக்காடு ராட்டைக் கொடுப்பார்கள், அதிலும் பாஸ்பரஸ் உண்டு. உங்களுக்கு வேண்டியது 45 விழுக்காடு வெள்ளியுள்ள, பாஸ்பரஸ் அறவே இல்லாத ராடும் அதற்குரிய ஃப்ளக்ஸும்.

தீப்பொறி:
ராடு தவறு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் நிரப்பும் உலோகம் அடி உலோகத்தைவிட வலுக்குறைந்ததுதானே? விலைக்கு வெள்ளியை வாங்கி வலுக்குறைந்த இணைப்பைச் செய்வானேன்?

மெல்லியசுடர்:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் வெளிவிட்டம் 9.5 மில்லிமீட்டர், சுவர் 0.8, முனைக்குள் செருகிய நீளம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் குறுக்குவெட்டில் உள்ள செம்பு ஏறக்குறைய 22 சதுர மில்லிமீட்டர்தான். பிரேசிங் பற்றியிருக்கும் பரப்போ 240 சதுர மில்லிமீட்டரை ஒட்டி வரும். பதினோரு மடங்கு பரப்பு இருக்கும்போது, நிரப்பிய உலோகம் செம்பைவிட வலுக்குறைந்திருந்தாலும் இழுத்தால் முதலில் அறுவது குழாய்தான். ஆனால் இது ராடு உள்ளே முழுவதும் ஊறிய இணைப்புக்கான கணக்கு. அதற்கு இரண்டுக்கும் நடுவே 0.05 முதல் 0.12 மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி இருக்க வேண்டும். குழாய் தொளதொளவென்று ஆடினால் உலோகம் உள்ளே ஏறாமல் வெளியே மட்டும் வளையமாக நிற்கும், அப்போது நீங்கள் சொல்வதே சரியாகிவிடும்.

பொடிவைப்பவன்:
நகைப் பட்டறையில் பொடி வைத்து ஊதுவதும் இதே வேலைதான். சுடரைப் பொடியின்மேல் காட்டினால் அது உருண்டையாகித் துள்ளும், நகையைச் சூடாக்கினால்தான் ஓடும். ஒருமுறை வெள்ளிக் கொலுசில் பழைய பொடியைச் சுரண்டாமல் மேலேயே புதிதாக ஊதினேன், இரண்டே நாளில் திரும்பி வந்தது. நீங்களும் அந்த முனையில் இருக்கும் பழைய ராட்டைச் சுரண்டாமல் விடாதீர்கள்.

மெல்லியசுடர்:
சரியான எச்சரிக்கை. பழைய பாஸ்பரஸ் மிச்சமிருந்தால் புதிய வெள்ளியும் கெட்டுவிடும். ஆகவே இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அரத்தாலும் எமரித் தாளாலும் தேய்த்துவிட்டு, செப்புக் குழாயைப் புதிதாக வெட்டிச் செருகுங்கள். இரண்டிலும் ஃப்ளக்ஸ் தடவி, குழாய்க்குள் நைட்ரஜனை மெல்லிய மூச்சளவுக்கு ஓடவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே கருப்புச் செதில் உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும். செம்பு சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விடுவதால் முதலில் செம்பையும், பிறகு இரும்பு முனையையும் சூடாக்குங்கள். ஃப்ளக்ஸே உங்களுக்கு வெப்பமானி. வெள்ளையாகக் கொப்பளித்து அடங்கி, தண்ணீர்போல் தெளியும்போது 600 டிகிரியை ஒட்டியிருக்கும். அதற்குமேல் சற்று ஏற்றிவிட்டு ராட்டை மூட்டில் தொடுங்கள், சுடரில் காட்டாதீர்கள். 750 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடும், செம்பு உருக இன்னும் முந்நூறு டிகிரி மிச்சமிருக்கும்.

ஆறியபின் ஃப்ளக்ஸை ஈரத்துணியால் துடைத்தெடுத்த பிறகே சோப்பு நுரைச் சோதனை செய்யுங்கள். கண்ணாடிபோல் இறுகிய ஃப்ளக்ஸ் ஓட்டையை அடைத்து நின்று, சோதனையில் தேறிவிட்டு, ஈரம் பட்டுக் கரைந்தபின் கசியும்.

தீப்பொறி:
நான் சிலிக்கான் பிரான்ஸ் கம்பி வைத்து டிக்கில் இதே மாதிரி இணைப்புகள் செய்திருக்கிறேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

மெல்லியசுடர்:
அந்தக் கம்பி ஆயிரம் டிகிரி சுற்றளவில் உருகும், உங்கள் இரும்பு உருகவேயில்லை. வெல்டிங் இயந்திரத்தில் நீங்கள் செய்தது பிரேசிங்தான், ஐயா.

தீப்பொறி:
பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கின் சூடு ஒரு புள்ளியில் நிற்கும், உங்கள் கேஸ் சுடரோ ஒரு சாண் குழாயை இளக்கிவிடுகிறதே?

மெல்லியசுடர்:
இளகுவது உண்மைதான். அந்த இளகிய பகுதியில் அதிர்வு பட்டால் காலப்போக்கில் வெடிக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் முறையில் செம்பு உருகும் எல்லைக்கு மிக அருகில் கை நிற்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு பழகிய கைக்கு அது சரி, பனிப்பெட்டியின் கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

பனிப்பெட்டி:
ஒரு 45 ராடும் ஃப்ளக்ஸ் டப்பாவும் வாங்கிவிட்டேன். ராட்டின் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது, ஆனால் இந்த மூட்டுக்கு விரல் நீளம்கூடத் தேவைப்படாதுபோல் தெரிகிறது. நாளை காலை சுடர் பிடிக்கிறேன்.

மெல்லியசுடர்:
பிடிக்கும் முன் கம்ப்ரசர் லேபிளைப் பாருங்கள். R600a என்று இருந்தால் அது எரியும் வாயு, உள்ளே மிச்சமிருக்கும்போது சுடரே கூடாது. குழாய் வெட்டியால் வெட்டி, நைட்ரஜனால் முழுவதும் கழுவிய பிறகே டார்ச்சை எடுங்கள். R134a என்றாலும் மிச்சமிருக்கும் வாயு சுடரில் பட்டால் நச்சுப் புகை வரும், அதையும் முழுவதும் வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.