பாஸ், ஷாட் எண்ணும் தாள்: ஒரு சந்தேகம்

வணக்கம். காரைக்குடி பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் நான். ஃபுட்பால் மேட்சில் வெளியே உட்காரும் பையன்கள் இருவரிடம் தாள் கொடுத்துக் கோடு போடச் சொல்கிறேன். மைதானம் மூன்று பாகம்; பாஸ் கிளம்பிய பாகத்தில், சேர்ந்ததா தவறியதா என்று ஒரு கோடு.

போன மேட்சில் நம் கோல் பக்கம் 50 பாஸில் 41 சேர்ந்தது, எதிரணி கோல் பக்கம் 24இல் 9தான். இந்த இரண்டு பாகத்தையும் சேர்த்து எண்ணியிருந்தால் 74க்கு 50, பரவாயில்லை என்று விட்டிருப்போம்.

தகராறு ஷாட்டில்தான். கோலான ஷாட்டும் கீப்பர் தடுத்ததும் ‘உள்ளே’, மற்றது ‘வெளியே’. டிஃபெண்டர் காலில் பட்டு நின்றால்? ஒருவன் உள்ளே என்கிறான், மற்றவன் வெளியே. அதற்குத் தனிக் கட்டம் போட்டால் பையன்களால் சமாளிக்க முடியுமா? கிராஸைப் பாஸில் சேர்ப்பீர்களா? உங்கள் தாளைப் படம் எடுத்துப் போடுங்களேன்.