உப்பளப் பெண்கள் பற்றிய ஆய்வுப்படம்: முன்மொழிவு திரும்பி வந்த அனுபவம்

முதுகலை மாணவி: தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஆய்வுக் கேள்வி என்ற இடத்தில் "அவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று போட்டிருந்தேன், வழிகாட்டி ஓரத்தில் "இது தலைப்பு, கேள்வி எங்கே?" என்று எழுதித் திருப்பிவிட்டார். படப்பிடிப்பு மாதமாக நான் குறித்த நவம்பரையும் வட்டமிட்டிருந்தார். நேரில் போனபோதுதான் காரணம் விளங்கியது: பாத்திகளில் மழைநீர் தேங்கிக் கிடந்தது, உப்பு வாரும் பலகைகள் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தன, ஆளே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மாதத்தை மாற்ற வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது கூலி நின்றுவிடுவதால்தான் அரசு 5000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. "வேலையில்லாத மாதங்களில் வீட்டுச் செலவைப் பற்றிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள், அதைப் பெண்கள் எப்படி விவரிக்கிறார்கள்?" என்று கேட்டால், வீட்டுக்குள் கேமரா வைத்தே விடை தேடலாம். இரண்டு குடும்பங்கள் போதும். எடுத்த காட்சிகளை அவர்களுக்கே போட்டுக்காட்டி, அவர்கள் மறுத்துச் சொல்வதையும் பதிவு செய்யுங்கள்; பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ் கையாண்ட அந்த வழியை முறையியல் பகுதியில் உங்கள் களத்தோடு பொருத்தி எழுதினால், முன்மொழிவை மதிப்பிடும் குழு கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

குறும்பட இயக்குநர்: முறையியல் எல்லாம் தாளை நிரப்பத்தான். ஆவணப்படத்துக்கு வசனம் எழுதிக்கொண்டு போகக்கூடாது. ஒப்புதல் படிவத்தையும் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வசனம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒப்புதலை மட்டும் கடைசியில் கேட்காதீர்கள். அதற்குள் அவர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார்கள், மறுக்க அவர்களுக்கு வழியிருக்காது.

இன்னொரு மாணவர்: நான் பாட்டி வீட்டைப் பற்றிக் கதைப்படம் எடுத்தேன். ட்ரோன் வாடகையிலேயே பாதிப் பணம் போய்விட்டது. உங்களுக்கும் ட்ரோன் தேவைப்படுமா?

முதுகலை மாணவி: இல்லை, எங்கள் செலவு வேறு இடத்தில் இருந்தது. பத்து மணி நேரப் பேட்டியைத் தாளில் இறக்க, மணிக்கு ஐந்து மணி நேரம் வீதம் ஐம்பது மணி நேரம் பிடிக்கும் என்பதை முதல் அட்டவணையில் சேர்க்கவே இல்லை. திருத்தியதில் படப்பிடிப்பை எட்டு நாளாகக் குறைத்து, பேட்டிகளைத் தாளில் இறக்க இரண்டு வாரம் ஒதுக்கினேன். பிப்ரவரியில் உப்பளத்துக்குள் எடுக்க ஒரு நாளும் வைத்திருக்கிறேன். அங்கே விடிவதற்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் வேலை தொடங்குவதால் கேமராவும் அந்நேரமே போகவேண்டும். வெயில் ஏறிய பிறகு உப்பின் வெண்மை காட்சியை வெளுத்துவிடுகிறது என்பதால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரையும் பட்டியலில் சேர்த்தேன்.

முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஓர் அம்மா, "வீட்டில் எடுத்துக்கொள் கண்ணு, அளத்தில் நான் நிற்பதைக் காட்டினால் கங்காணி அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்" என்கிறார். முகம் காட்டாமல் எடுத்தாலும் குரலை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்களே என்று யோசிக்கிறேன். இதை யாராவது எதிர்கொண்டிருக்கிறீர்களா?