வேலிக் கணக்கு: x = 60 வருகிறது, விடைக்குறிப்பில் 30. எங்கே தவறு?

மலர்விழி: 120 மீட்டர் கம்பி வேலி இருக்கிறது. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு சுவரை ஒரு பக்கமாக வைத்துச் செவ்வக நிலம் அடைக்க வேண்டும். பெரும பரப்பு என்ன? சுவரோரப் பக்கம் x, மற்றது y என்று வைத்தேன்.

```
x + 2y = 120
A = x(120 - x)/2
A' = 60 - x = 0  →  x = 60, A = 1800
```

விடைக்குறிப்பில் 1350 என்று இருக்கிறது. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், 1800 தான் வருகிறது.

சுந்தர்: A'' = -1, குறை எண். அப்படியென்றால் x = 60-இல் பெருமம்தான். விடைக்குறிப்பில் அச்சுப்பிழையாக இருக்கும்.

கணக்கு வாத்தியார்: சுந்தர், வகையிட்டது சரி. ஆனால் அந்த 60 மீட்டரை எந்தச் சுவரில் வைப்பீர்கள்? இருப்பதே 30 மீட்டர். மலர்விழி, உங்கள் சமன்பாடு சுவரோரம் முழுவதும் வேலி தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறது. அது x 30-ஐத் தாண்டாதவரைதான் உண்மை. அதனால் இடைவெளி 0 முதல் 30 வரை. 60 அதற்கு வெளியே போய்விட்டது. உள்ளே A' எங்குமே பூச்சியமாகவில்லை, மிகை எண்ணாகவே இருக்கிறது. பரப்பு ஏறிக்கொண்டே போகிறது. எனவே முனைகளைப் பாருங்கள்: x = 0 என்றால் 0, x = 30 என்றால் y = 45, பரப்பு 1350.

மலர்விழி: ஓ, இடைவெளியை எழுதாமலே வகையிட்டுவிட்டேன். நன்றி சார்.

தோட்டக்காரன்: எங்கள் ஆட்டுப்பட்டியிலும் பழைய சுவர் ஒன்று உண்டு. சுவர் முடிந்த இடத்தில் நாங்கள் நிற்கவில்லை, அதே நேர்கோட்டில் வேலியை நீட்டினோம். இங்கே ஏன் 30-இல் நிற்க வேண்டும்?

கணக்கு வாத்தியார்: நல்ல கேள்வி, நானே அதை யோசிக்கவில்லை. சுவரைத் தாண்டினால் ஒவ்வொரு மீட்டருக்கும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் வேலி செலவாகும். சமன்பாடே மாறும்:

```
x + (x - 30) + 2y = 120
A = x(75 - x),  x ≥ 30
A' = 75 - 2x = 0  →  x = 37.5, y = 37.5, A = 1406.25
```

1350-ஐவிட அதிகம்! சுவர் 40 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் நீட்டுவது லாபம். 40 முதல் 60 வரை சுவர் முடியும் இடத்திலேயே பெருமம். 60-ஐத் தாண்டிய சுவருக்குத்தான் மலர்விழியின் 1800.

சுந்தர்: அப்படியானால் விடைக்குறிப்பு தவறுதானே?

கணக்கு வாத்தியார்: கேள்வியின் வாசகத்தைப் பொறுத்தது. ஒரு பக்கம் முழுவதும் சுவராகவே இருக்க வேண்டும் என்றால் 1350. சுவரைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் இருந்தால் 1406.25.

மலர்விழி: வினாத்தாளில் "ஒரு பக்கத்தில் சுவர் உள்ளது" என்று மட்டுமே இருக்கிறது சார். திங்கட்கிழமை மிஸ்ஸிடம் இரண்டு விடையையும் காட்டிக் கேட்கிறேன்.