புதுப்பிப்பு: இரண்டு முனையிலும் பழுப்புப் பட்டை உள்ள ரெசிஸ்டர்

நான் கேட்டது: "படத்தில் உள்ள ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. ஒரு பக்கமிருந்து படித்தால் 10 கிலோ ஓம், மறுபக்கமிருந்து 120 ஓம். எது சரி?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. விடை 10 கிலோ ஓம்.

இடைவெளி அதிகமாக இருக்கும் முனைப் பட்டைதான் டாலரன்ஸ் என்று ஒருவர் சொன்னார், பொதுவாகச் சரிதான், ஆனால் என்னுடையதில் ஸ்கேல் வைத்துப் பார்த்தும் எல்லா இடைவெளியும் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டு மதிப்புமே கடையில் கிடைப்பவை என்பதால் பட்டியலைப் பார்த்தும் பயனில்லை. (சிவப்பு ஆரஞ்சாக இருக்கலாம் என்ற நண்பரே, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன், சிவப்புதான்.)

கைகொடுத்தது மல்டிமீட்டர் யோசனை. ஆனால் போர்டிலேயே வைத்து அளந்தபோது 4.9 கிலோ ஓம் காட்டியது, இரண்டு விடைக்கும் ஒட்டாத எண்! அப்புறம்தான், "ஒரு காலையாவது கழற்றிவிட்டு அளக்கணும், இல்லாவிட்டால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் மின்சாரம் ஓடி அளவு குறையும்" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ஒரு காலைச் சால்டர் உருக்கித் தூக்கினேன்: 9.97. பழுப்பு டாலரன்ஸ் 1 சதவீதம், அதாவது 9.9 முதல் 10.1 வரை, அதற்குள் வந்துவிட்டது.

இணையாக இருக்கும் அந்த இன்னொரு பாதை எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.